குப்பனூர் சரிவில் குச்சிக்கிழங்கு வயல்: ஆண்டுக்கு 578 டன் மண் போகிறதா?

இளங்கோ_குப்பனூர்
அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலை அடிவாரத்தில், குப்பனூர் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் சரிவு நிலம் இருக்கிறது. செம்மண். மானாவாரியில் குச்சிக்கிழங்கு போடுகிறோம். மேலே ஒரு கல் வரப்பு, கீழே ஒரு கல் வரப்பு. இரண்டுக்கும் இடையே சரிவின் வழியாக 60 மீட்டர். டியூப் லெவல் வைத்துப் பார்த்ததில் சரிவு நூற்றுக்கு எட்டு.

மண் இழப்பைக் கணக்கிடும் பொதுச் சமன்பாட்டைப் படித்துவிட்டு எங்கள் வயலுக்குப் போட்டுப் பார்த்தேன். மழைக்கான R மதிப்பை ஓர் உலக வரைபடத்திலிருந்து எடுத்தேன். மண் எவ்வளவு எளிதில் அரிபடும் என்பதற்கான K மதிப்புக்கு மண் பரிசோதனை அறிக்கையை வைத்து, கையேட்டில் உள்ள வரைகட்டத்தைப் பயன்படுத்தினேன். சரிவின் நீளமும் சாய்வும் சேர்ந்த LS 1.39 வந்தது. பயிர் மண்ணை எவ்வளவு மூடுகிறது என்பதற்கான C மதிப்பை 0.5 என்று வைத்துக்கொண்டேன். தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பதால் P ஒன்று.

```
A = R × K × LS × C × P
A = 4160 × 0.20 × 1.39 × 0.5 × 1 = 578
```

ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 578 டன். இரவு முழுவதும் எனக்கு உறக்கம் வரவில்லை. இது உண்மையா? உண்மையென்றால் நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முருகேசன்_பேளூர்
தம்பி, உண்மையாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் எங்கள் ஓடையில் வரும் தண்ணீரைக் கண்ணால் பார்க்கிறேனே, செங்கல் கரைத்தது போல வருகிறது. மண் போவது உறுதி. நீங்கள் 60 மீட்டருக்கு நடுவே, 30 மீட்டரில் இன்னொரு கல் வரப்பு போட்டுவிடுங்கள். ஓடும் தூரம் பாதியானால் அரிப்பும் பாதியாகிவிடும். நான் அப்படித்தான் செய்தேன், பலன் தெரிந்தது.

நீர்வடி
இளங்கோ, மண் பாதுகாப்புப் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விடை எதுவாக வந்தாலும் முதலில் அதைத் தடிமனாக மாற்றிப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் என்றால் 10 கன மீட்டர். உங்கள் செம்மண் கன மீட்டருக்கு 1.4 டன் என்று வைத்தால், அது 14 டன். 578 டன் என்பது 41 மில்லிமீட்டர். ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர் போனால் பத்தே ஆண்டில் முழங்கால் அளவு மண் போயிருக்க வேண்டும். உங்கள் வயலில் இன்னும் கிழங்கு விளைகிறது. ஆகவே கணக்கில்தான் பிழை.

பிழை அலகில் இருக்கிறது. நீங்கள் எடுத்த 4160 மெகாஜூல், மில்லிமீட்டர் கணக்கில் உள்ள R. வரைகட்டம் தந்த 0.20 அமெரிக்க ஏக்கர், அங்குலக் கணக்கில் உள்ள K. இரண்டும் சேராது. படியையும் லிட்டரையும் கூட்டுவது போன்றது அது. அந்த K மதிப்பை 0.1317 ஆல் பெருக்கினால்தான் உங்கள் R மதிப்புடன் சேரும்.

நம் நாட்டு நூல்களில் மூன்றாவது ஒரு கணக்கும் உண்டு. பழைய மெட்ரிக் முறை. டேராடூன் ஆராய்ச்சியாளர் ராம் பாபுவும் உடனிருந்தவர்களும் 1978இல் தந்த சூத்திரம் அந்த அலகில்தான் வரும். ஆண்டு மழையை மில்லிமீட்டரில் கொடுத்தால் R கிடைக்கும். உங்கள் பகுதியில் சராசரி மழை எவ்வளவு?

இளங்கோ_குப்பனூர்
ஐயா, மிக்க நன்றி. எங்கள் வீட்டில் மழைமானி வைத்துப் பல ஆண்டுகளாகக் குறித்து வருகிறோம். சராசரி 950 மில்லிமீட்டர்.

நீர்வடி
அப்படியானால் பாருங்கள்.

```
R = 79 + 0.363 × 950 = 424
K = 0.20 × 1.292 = 0.26
A = 424 × 0.26 × 1.39 × 0.5 = 77
```

உங்கள் வரைபடத்தின் 4160ஐ 9.81 ஆல் வகுத்தாலும் இதே 424 வருகிறது. ஆக உங்கள் R சரி, K மதிப்பும் அதன் அலகில் சரி, சேர்த்த விதம் மட்டும் தவறு. இப்போது 77 டன், அதாவது ஐந்தரை மில்லிமீட்டர். இதுவும் அதிகம்தான், ஆனால் நடக்கவே முடியாத எண் இல்லை.

கலைச்செல்வி_மண்ணியல்
ஐயா, அந்த 0.26 எனக்கு உறுத்துகிறது. இளங்கோ, அறிக்கையில் என்ன இருந்தது?

இளங்கோ_குப்பனூர்
அக்கா, வண்டலும் மிக நுண்ணிய மணலும் சேர்ந்து 30 சதவீதம், களி 18, கரிமப் பொருள் 1. கட்டமைப்புக்கு 3, நீர் உட்புகும் திறனுக்கு 3 என்று நானாக வைத்தேன்.

கலைச்செல்வி_மண்ணியல்
எண்களை நீங்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். சிக்கல் வரைகட்டத்தில் இருக்கிறது. அது அமெரிக்காவின் நடுத்தரப் பதமுள்ள மண்களை வைத்து உருவானது. நம் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு களியைச் சிறு சிறு மணிகளாகப் பிணைத்து வைத்திருக்கிறது. ஆய்வகத்தில் ரசாயனம் ஊற்றிக் குலுக்கும்போது அந்த மணிகள் உடைந்து நுண்துகளாகக் கணக்கில் ஏறுகின்றன. வயலில் மழைத்துளி பட்டால் அவ்வளவு எளிதில் உடைவதில்லை. அதனால் மண் உள்ளதைவிடப் பலவீனமாக ஏட்டில் தெரிகிறது.

நம் நாட்டில் சோதனைத் துண்டுகள் அமைத்து நேரடியாக அளந்த மதிப்புகளைப் பாருங்கள். ஹைதராபாத்தின் செம்மணற்பாங்கான மண்ணுக்கு 0.08, உதகையின் சரளைச் செம்மண்ணுக்கு 0.04. இரண்டும் ஐயா சொன்ன பழைய மெட்ரிக் அலகில்தான். உங்கள் மண் ஹைதராபாத் மண்ணுக்கு நெருக்கம் என்று நினைக்கிறேன். 0.08 போட்டால் 77 டன் என்பது 24 டன்னாக இறங்கும்.

நீர்வடி
அம்மா, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுமையாக இல்லை. அடிவார மண் மேலிருந்து இறங்கிச் சேர்ந்த மண். ஹைதராபாத் மண்ணோடு அது எவ்வளவு ஒத்துப்போகும் என்று வயலைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு 24க்கும் 77க்கும் இடையே என்று வைத்துக்கொள்வோம்.

முருகேசன், உங்கள் வரப்பைப் பற்றி ஒரு சொல். நடுவே வரப்பு போடுவது நல்லதுதான். ஆனால் தூரம் பாதியானால் அரிப்பு பாதியாகாது. இந்தச் சரிவில் நீளம் வர்க்கமூலமாகத்தான் கணக்கில் வருகிறது. 60 மீட்டரை 30 ஆக்கினால் அரிப்பு நூற்றுக்கு 71 ஆகும். குறைவது 29 மட்டுமே. சரிவைக் குறைத்தால் இதைவிட அதிகப் பலன் கிடைக்கும், அதனால்தான் மலையில் படிக்கட்டு வயல் அமைத்தார்கள்.

முருகேசன்_பேளூர்
ஐயா, என் வயலில் நடுவரப்பு போட்ட பிறகு கண்ணுக்குத் தெரிந்த வாய்க்கால் போன்ற கீறல்கள் முக்கால்வாசி மறைந்துவிட்டன. வெறும் 29 சதவீதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நீர்வடி
நீங்கள் பார்த்ததும் உண்மையாக இருக்கலாம். நீர் திரண்டு கீறல் விழத் தொடங்க ஒரு தூரம் தேவை. உங்கள் வயலில் அது 30 மீட்டருக்கு அப்பால் இருந்திருந்தால், வரப்பு போட்டதும் கீறல் நின்றிருக்கும். ஆனால் தாள் போல மேலே படர்ந்து போகும் அரிப்பு கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். சமன்பாடு இரண்டையும் சேர்த்த பல ஆண்டுச் சராசரியைச் சொல்கிறது.

சேர்வராயன்_காபி
நல்ல உரையாடல். எங்களுக்கு ஏற்காட்டில் காபித் தோட்டம். சரிவு 40 சதவீதம், சில்வர் ஓக் நிழல். அதே சூத்திரத்தைப் போட்டேன். நீளத்தைச் சேர்க்காமல் சரிவுக்கான மதிப்பு மட்டும் 10.8 வருகிறது! இளங்கோவின் வயலுக்கு அது 0.84தான், பன்னிரண்டு மடங்குக்கு மேல். நாங்கள் தோட்டத்தையே கைவிட வேண்டுமா?

நீர்வடி
கைவிட வேண்டாம். அந்தச் சூத்திரத்தின் அடிப்படைத் தரவு ஏறத்தாழ 3 முதல் 18 சதவீதம் வரையுள்ள சரிவுகளில் எடுக்கப்பட்டது. 40 சதவீதத்துக்கு அதை நீட்டினால் மிகைப்படுத்தும். 1997இல் வந்த திருத்திய வடிவில் செங்குத்துச் சரிவுக்கு வேறு சூத்திரம் இருக்கிறது. அதில் உங்களுக்கு 5.7 வரும், ஏறக்குறைய பாதி.

உங்கள் தோட்டத்தில் நான் சரிவைவிடத் தரையைப் பார்ப்பேன். சில்வர் ஓக் உயரமான மரம். இலையில் திரண்டு சொட்டும் துளி அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் மழைத்துளியின் வேகத்தை மீண்டும் பெற்றுவிடும். மரநிழல் மட்டும் மண்ணைக் காக்காது. கீழே சருகு மெத்தை இருந்தால் காக்கும். களையெடுக்கும்போது சருகையும் சேர்த்து வாரி எடுக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி.

சேர்வராயன்_காபி
சில பகுதிகளில் வாருகிறோம். அதை நிறுத்தச் சொல்கிறேன்.

ஏரிக்கரை_சேலம்
எனக்கு ஓர் ஐயம். இந்த டன் கணக்கை நீர்ப்பிடிப்புப் பரப்பால் பெருக்கினால் மூக்கனேரிக்கு ஆண்டுக்கு எவ்வளவு வண்டல் வருகிறது என்று சொல்லிவிடலாமா?

கலைச்செல்வி_மண்ணியல்
முடியாது. சமன்பாடு சரிவிலிருந்து கிளம்பும் மண்ணைச் சொல்கிறது. அதில் பெரும்பகுதி வரப்படியிலும் புல்லிலும் ஓடை வளைவிலும் தங்கிவிடும். ஏரிக்குச் சேரும் பங்கு தனிக் கணக்கு. ஓடைக் கரை இடிந்து வரும் மண்ணோ இந்தச் சமன்பாட்டிலேயே இல்லை. இளங்கோவின் வயலுக்குத் திரும்புவோம்.

நீர்வடி
ஆம். C மதிப்பு 0.5 என்று இளங்கோ வைத்தாரே, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வயல் எப்போது வெறுமையாக இருக்கிறது, அப்போது எவ்வளவு மழை பெய்கிறது என்பதுதான் C. தம்பி, எப்போது நடுகிறீர்கள், எப்போது பிடுங்குகிறீர்கள்?

இளங்கோ_குப்பனூர்
வைகாசிக் கடைசியில் நடவு. பங்குனியில் கிழங்கு பிடுங்கி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பிவிடுவோம். பிடுங்கியவுடன் ஒன்பது கலப்பையால் ஓர் உழவு ஓட்டிவிடுவோம். மழைக் குறிப்பைப் பார்த்தேன். ஜூன் முதல் ஆகஸ்டு வரை 32 சதவீதம், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 47, ஜனவரி முதல் மார்ச் வரை 3, ஏப்ரல், மே இரண்டிலும் சேர்த்து 18.

நீர்வடி
நன்றாகக் குறித்து வைத்திருக்கிறீர்கள். நடவுக்குப் பின் மூன்று மாதம் குச்சி மட்டுமே நிற்கும், தரை திறந்திருக்கும். அதற்கு 0.7 வைக்கிறேன். பிறகு இலை மூடும், 0.3. தை மாசியில் 0.2. பிடுங்கி உழுத மண்ணுக்கு 0.9. இவை என் கண் மதிப்பீடு, யாரும் அளந்து தந்தவை அல்ல.

```
0.32×0.7 + 0.47×0.3 + 0.03×0.2 + 0.18×0.9 = 0.53
```

உங்கள் 0.5க்கு அருகில்தான் வருகிறது. ஆனால் எங்கே இழக்கிறீர்கள் என்பது இப்போது தெரிகிறது. ஆண்டு மழையில் பாதிக்கு அருகில் பெய்யும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதம் 0.14தான் சேர்க்கிறது. சித்திரைக் கோடை மழை, ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, அதுவோ 0.16 சேர்க்கிறது. கிழங்கு பிடுங்கிக் கிளறிப் போட்ட மண்ணின் மேல் ஆலங்கட்டியோடு விழுகிற மழை அது.

பிடுங்கியதும் உழாமல், இலையையும் நுனிக் குச்சியையும் சரிவுக்குக் குறுக்கே பரப்பிவிட்டால் 0.9 என்பது 0.5 ஆகலாம். முதல் மூன்று மாதம் உளுந்து ஊடுபயிர் இருந்தால் 0.7 என்பது 0.45 வரை இறங்கலாம். இரண்டும் சேர்ந்தால் C மதிப்பு 0.38.

முருகேசன்_பேளூர்
குச்சியை விதைக் கரணைக்கு வைத்துக்கொள்வோமே ஐயா. பரப்புவதற்கு எங்கே மிஞ்சும்? மாவுப்பூச்சி வந்த குச்சியைப் பரப்பினால் அடுத்த பயிருக்கும் பரவும்.

நீர்வடி
நீங்கள் சொல்வது நியாயம். பூச்சி வந்த வயலில் பரப்பக் கூடாது. அப்போது உழவைத் தள்ளிப் போடுவது ஒன்றே வழி.

கலைச்செல்வி_மண்ணியல்
24, 77 இரண்டில் எது உண்மைக்கு அருகில் என்று வயலே சொல்லக்கூடும். இளங்கோ, கீழே உள்ள கல் வரப்பு எந்த ஆண்டு கட்டியது? அதன் மேற்பக்கம் மண் ஏறியிருக்கிறதா?

இளங்கோ_குப்பனூர்
2012இல் அப்பா கட்டினார். இப்போது பதின்மூன்று ஆண்டு ஆகிறது. நேற்று கடப்பாரையோடு போய்ப் பார்த்தேன். வரப்பை ஒட்டி ஒரு குழி தோண்டினேன். மேலே கலங்கலான தளர்ந்த செம்மண், அதற்குக் கீழே பழைய தரையின் கெட்டி அடுக்கு. எல்லை கத்தியால் வெட்டியது போலத் தெளிவாகத் தெரிந்தது. அந்த எல்லையில் பழைய சாக்கு நூல்கூட ஒன்று கிடைத்தது. வரப்படியில் புது மண் 50 சென்டிமீட்டர் ஆழம். மேலே போகப் போகக் குறைந்து ஏழு மீட்டரில் இல்லாமல் போகிறது. மூன்று இடத்தில் தோண்டினேன், ஏறக்குறைய இதே அளவுதான்.

கலைச்செல்வி_மண்ணியல்
மிக அருமையான அளவு! எட்டு சதவீதச் சரிவில் ஏழு மீட்டருக்கு இறக்கம் 56 சென்டிமீட்டர். அதில் 50 நிரம்பிவிட்டதென்றால் வரப்படி ஏறக்குறைய சமமட்டமாகிவிட்டது. இனி வரும் மண் வரப்பைத் தாண்டும்.

இப்போது கணக்கு. ஆப்பு வடிவம், ஆகவே வரப்பின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.5 × 0.5 × 7 = 1.75 கன மீட்டர், 1.4 ஆல் பெருக்கினால் 2.45 டன். இது வந்த பரப்பு 60 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு மாற்றினால் 408 டன், பதின்மூன்று ஆண்டுக்கு. ஆண்டுக்கு 31 டன். ஏக்கர் கணக்கில் பன்னிரண்டரை டன், நான்கு டிராக்டர் பெட்டி மண்.

C 0.53 வைத்து இந்த 31ஐத் திருப்பிப் போட்டால் K மதிப்பு 0.10 வருகிறது. நுண்களி தண்ணீரோடு வரப்பைத் தாண்டிப் போயிருக்கும் என்பதால் உண்மை இழப்பு இதைவிட அதிகமாக இருக்கும். இருந்தாலும் வரைகட்டத்தின் 0.26 மிகை என்ற என் எண்ணம் வலுப்படுகிறது.

உழவன்_வாழப்பாடி
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சொந்தமாக டிராக்டர் இருக்கிறது, சரிவு நிலங்களில் ஓட்டுகிறேன். ஒன்பது கலப்பை சரிவோடு இறங்கும்போது ஒவ்வொரு உழவிலும் மண்ணைக் கீழே தள்ளிக்கொண்டே போகும். ஏறும்போது அவ்வளவு மேலே தள்ளாது. அந்த 50 சென்டிமீட்டரில் மழை கொண்டுவந்தது எவ்வளவு, கலப்பை கொண்டுவந்தது எவ்வளவு? எல்லாவற்றையும் மழையின் தலையில் போடுகிறீர்கள்.

கலைச்செல்வி_மண்ணியல்
சரியான கேள்வி. இதை நான் விட்டுவிட்டேன். உழவு நகர்த்தும் மண் இந்தச் சமன்பாட்டில் வராது. அப்படியானால் 31 என்பதை நீர் அரிப்பின் குறைந்தபட்சம் என்று சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நீர் அரிப்பு மேல் வரப்பை ஒட்டிக் குறைவாகவும், கீழே இறங்க இறங்க அதிகமாகவும் இருக்கும், ஏனென்றால் மேலே நீர் இன்னும் திரளவில்லை. உழவு அப்படியல்ல. மேல் வரப்பை ஒட்டிய இடத்திலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டே இருக்கும், மேலிருந்து ஈடு செய்ய எதுவும் வராது. இளங்கோ, மேல் வரப்புக்குக் கீழே உடனேயே ஓர் இடத்திலும், வயலின் நடுவிலும் மேல்மண் ஆழத்தைப் பாருங்கள்.

இளங்கோ_குப்பனூர்
இன்று காலை பார்த்தேன். மேல் வரப்பை ஒட்டி மூன்று மீட்டருக்குள் மேல்மண் ஒரு சாண்கூட இல்லை, 12 சென்டிமீட்டர். கலப்பையில் சரளை வந்து சிக்குகிற இடம் அதுதான் என்று அம்மா சொன்னார். நடுவில் 22. கீழ்ப்பக்கம் ஆப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே 17.

கலைச்செல்வி_மண்ணியல்
அப்படியானால் இரண்டுமே நடக்கின்றன. மேலே 12 என்பது கலப்பையின் அடையாளம். நடுவைவிடக் கீழே 17 என்று குறைவது நீரின் அடையாளம். எவ்வளவு எது என்று மூன்று குழிகளை வைத்துச் சொல்லத் துணிய மாட்டேன்.

நீர்வடி
நானும் துணிய மாட்டேன். ஆனால் செய்ய வேண்டியது இதனால் மாறாது. சரிவோடு ஓட்டும் உழவை நிறுத்திக் குறுக்கே ஓட்டுங்கள், பாரையும் குறுக்கே பிடியுங்கள். மண் கீழே தள்ளப்படுவது குறையும். P மதிப்பும் எட்டு சதவீதச் சரிவில் 0.5 ஆகும். ஆனால் அந்த 0.5 சுமார் 60 மீட்டர் நீளம் வரைதான் செல்லும். நீங்கள் அந்த எல்லையில் நிற்கிறீர்கள். பெருமழையில் ஒரு பார் உடைந்தால் அடுத்தடுத்த பார்களும் உடைந்து, ஒரே இடத்தில் நீர் பாய்ந்து பள்ளம் பறிக்கும். அதனால் முருகேசன் சொன்ன நடுவரப்பும் வேண்டும்.

31ஐ அப்படியே எடுத்துக்கொண்டால், C மாற்றத்தில் 22, குறுக்குப் பாரில் 11, நடுவரப்பில் 8. ஆழமான மண்ணுக்கு அமெரிக்கர்கள் வைத்த தாங்கும் அளவின் உச்சம் 11.2. உங்கள் மேல்மண் ஆழத்துக்கு நான் அதைவிடக் குறைவாகத்தான் வைப்பேன்.

உழவன்_வாழப்பாடி
குறுக்கே ஓட்டுவது எட்டு சதவீதத்தில் எளிது. ஆனால் குறுகலான துண்டில் திருப்ப இடம் வேண்டும். நடுவரப்பைப் போடும்போது ஓரத்தில் டிராக்டர் திரும்ப நான்கு மீட்டராவது விடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுபவர் மீண்டும் சரிவோடுதான் ஓட்டுவார்.

இளங்கோ_குப்பனூர்
அண்ணா, அதை நான் யோசிக்கவே இல்லை. நன்றி. வரும் பங்குனியில் கிழங்கு பிடுங்கியதும் நடுவரப்புக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறேன். மேல் வரப்பிலிருந்து கீழ் வரப்பு வரை ஐந்து மீட்டருக்கு ஒன்றாகக் குழி தோண்டி மேல்மண் ஆழத்தையும் அளந்து இங்கே பதிகிறேன். அப்பா நட்ட வேப்பமரம் ஒன்று வயலின் நடுவே இருக்கிறது. அதன் வேர் ஒருபக்கம் நான்கு விரல் அளவு வெளியே தெரிகிறது. அதையும் எந்த ஆண்டில் நட்டது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன்.